மாட்டு நோய் அத்தியாயத்தை அட்டவணையாகச் சுருக்கும் முறை

கால்நடை மருத்துவப் பாடநூல்களில் மாட்டு நோய்கள் அவற்றை உண்டாக்கும் கிருமிகளின் வகைப்படி வரிசையாக அமைந்திருக்கும். பாக்டீரியா நோய்கள் ஒரு பகுதி, வைரஸ் நோய்கள் ஒரு பகுதி, ஒட்டுண்ணி நோய்கள் மற்றொரு பகுதி. கல்லூரி மாணவருக்கு இவ்வரிசை பொருத்தமானதே. ஆனால் கிராமத்தில் பணிபுரியும் ஊழியருக்குக் கிருமி கண்ணில் படுவதில்லை. நேற்று மாலை வரை நன்றாக மேய்ந்த மாடு இன்று காலை தொழுவத்தில் விழுந்து கிடக்கிறது என்பதே அவருக்கு முதலில் கிடைக்கும் செய்தி. ஆதலின் அத்தியாயத்தை ஓர் அட்டவணையாகச் சுருக்க முற்படுபவர் சொற்களைக் குறைத்தால் மட்டும் போதாது. வரிசையையே மாற்றி அமைக்க வேண்டும். எது முதலில் கண்ணுக்குத் தெரிகிறதோ அது முதலில் வர வேண்டும்.

இதனை விளக்க அத்தியாயம் முழுவதையும் எடுத்துக்கொள்ள வேண்டுவதில்லை. மாட்டைத் திடீரெனக் கொல்லும் மூன்று நோய்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். அவை அடைப்பான், சப்பை நோய், தொண்டை அடைப்பான் என்பன. பாடநூலில் இவை தனித்தனிப் பிரிவுகளில், பல பக்க இடைவெளியில் நிற்கின்றன. ஊரிலோ இம்மூன்றும் பெரும்பாலும் மழைக்காலத்தை ஒட்டியே தோன்றுகின்றன. மூன்றிலும் கடுங்காய்ச்சல் உண்டு. மூன்றும் ஓரிரு நாள்களில், சில வேளை சில மணி நேரத்தில், மாட்டைக் கொன்றுவிடுகின்றன. ஊழியர் ஒன்றை மற்றொன்றாகக் கருதி ஏமாறுவதற்கு இடம் மிகுதி.

பெயரிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. அடைப்பான் என்பதும் தொண்டை அடைப்பான் என்பதும் வெவ்வேறு நோய்கள். முன்னது மனிதனையும் பற்றிக் கொல்லக்கூடியது; பின்னது பெரும்பாலும் மாட்டோடும் எருமையோடும் நின்றுவிடுவது. எனினும் ஊரார் இரண்டையும் ‘அடைப்பான்’ என்றே சொல்லிவிடுவது உண்டு. வடநாட்டில் தொண்டை அடைப்பானுக்குத் தொண்டையை நெரிப்பது என்ற பொருள்படும் தனிப்பெயர் வழங்குகிறது. சப்பை நோயை நொண்டிக் காய்ச்சல் என்ற பொருளில் அழைக்கின்றனர். அங்கு இவ்வளவு குழப்பத்திற்கு இடமில்லை. தமிழில் அட்டவணை எழுதுவோர் இவ்விரு நோய்களையும் அடுத்தடுத்த வரிகளில் எழுதாமல், இடையே சப்பை நோயை வைப்பது நன்று. விரைந்து படிப்பவரின் கண் வரி தவறுவது இதனால் குறையும்.

பயிற்சி வகுப்புகளில் இந்த அத்தியாயத்தைச் சுருக்கச் சொன்னால் பெரும்பாலும் கிடைக்கும் முதல் அட்டவணை ஏறத்தாழ ஒரே மாதிரியாக இருக்கும். குறிகள் என்ற பத்தியில் மூன்று நோய்களுக்கும் ‘கடுங்காய்ச்சல், தீனி எடாமை, மூச்சுத் திணறல், சாவு’ என்று எழுதப்பட்டிருக்கும். காரணம் என்ற பத்தியில் பாசில்லஸ் ஆந்த்ராசிஸ், கிளாஸ்டிரிடியம் சௌவோயி, பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்னும் பெயர்கள் இருக்கும். தடுப்பு என்ற பத்தியில் ‘தடுப்பூசி போடுக’ என்பது மும்முறை வரும். இதில் எழுதப்பட்டுள்ளவை யாவும் உண்மையே. ஆயினும் தொழுவத்தில் நிற்பவருக்கு இவ்வட்டவணை ஒன்றையும் சொல்வதில்லை. மூன்றுக்கும் பொதுவான குறி எந்த நோயையும் பிரித்துக் காட்டாது. இலத்தீன் பெயர் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தெரிவிக்காது. நோய் வந்தபின் தடுப்பூசியை மட்டும் நினைவூட்டுவது முன்னால் கிடக்கும் மாட்டிற்கு உதவாது.

குறிகளின் பத்தியை முதலில் திருத்துவோம். மூன்றுக்கும் பொதுவானவற்றை எடுத்து அட்டவணைக்கு மேலே ஒரே வரியில் எழுதிவிட்டு, பத்தியில் பிரித்துக் காட்டும் குறிகளை மட்டும் நிறுத்த வேண்டும். அக்குறிகளும் கையாலும் கண்ணாலும் அறியத்தக்கவையாக இருத்தல் வேண்டும். சப்பை நோய் பெரும்பாலும் ஆறு மாதம் முதல் இரண்டு அல்லது மூன்று வயது வரையுள்ள, நல்ல சதைப்பிடிப்புள்ள இளங்கன்றுகளையே தாக்கும். கன்று முதலில் நொண்டும். தொடை, சப்பை, தோள் முதலிய பருத்த தசைகளில் வீக்கம் தோன்றும். அவ்வீக்கம் முதலில் சூடாகவும் வலியுள்ளதாகவும் இருந்து, பின்னர்க் குளிர்ந்து உணர்ச்சியற்றுப் போகும். விரலால் அழுத்தினால் உள்ளே காற்று நொறுங்குவதுபோல நறநறவென்ற ஒலியும் உணர்வும் தோன்றும். தொண்டை அடைப்பானில் வீக்கம் தாடையின் கீழும் தொண்டையிலும் தோன்றி, மார்பு வரை இறங்கும். அதை விரலால் அழுத்தினால் நறநறவென்று ஒலிக்காது. மாவைப் போலக் குழி விழும். மாடு எச்சில் ஒழுக்கி, நாக்கை நீட்டி, குறட்டை விடுவதுபோல மூச்சு வாங்கும். எருமைகளே பசுக்களினும் மிகுதியாக இதற்கு இரையாகின்றன.

அடைப்பானில் இத்தகைய தெளிவான வீக்கம் இல்லாதிருப்பதே பெரிதும் வழக்கம். பல வேளைகளில் நோய்க்குறி எதையும் காணும் முன்னரே மாடு இறந்து கிடக்கும். ஆதலின் இந்நோயின் குறிகளை இறந்தபின் காண்பவையாகவே எழுத வேண்டியிருக்கிறது. வயிறு மிக விரைவில் ஊதிவிடும். உடல் முற்றிலும் விறைப்பதில்லை. மூக்கு, வாய், ஆசனவாய் முதலிய துவாரங்களிலிருந்து கருநிறமான, உறையாத இரத்தம் கசியும். பாடநூல் இவற்றோடு மண்ணீரல் பெருத்து மிருதுவாகிக் கரும்பழுப்பாக இருக்கும் என்பதையும் கூறும். அட்டவணையில் இதனை எழுதவே கூடாது. மண்ணீரலைப் பார்க்க வேண்டுமாயின் உடலை அறுக்க வேண்டும். அறுப்பதே செய்யத்தகாத செயல். மருத்துவருக்குப் பயன்படும் ஒரு குறி ஊழியரின் அட்டவணையில் ஏறினால் தீங்காக முடியும் என்பதற்கு இதைவிடத் தக்க உதாரணம் கிடைப்பது அரிது.

ஏன் அறுக்கக்கூடாது என்பதற்கு விடை காரணம் என்ற பத்தியில் இருக்க வேண்டும். இங்கே கிருமியின் பெயரைவிட, அது எங்கே வாழ்கிறது, எப்படி நிலைக்கிறது என்பதே முக்கியம். அடைப்பான் கிருமி மாட்டின் இரத்தத்தில் பெருகும்போது கோல் வடிவில் இருக்கிறது. அந்நிலையில் அது அவ்வளவு உறுதியானது அன்று. உடலை அறுக்காமல் விட்டால், உள்ளே காற்று இல்லாமையாலும், அழுகலை உண்டாக்கும் பிற நுண்ணுயிர்கள் பெருகுவதாலும் அது சில நாள்களில் மடிந்துபோகிறது. ஆனால் உடலைத் திறந்து இரத்தம் காற்றுப்படும்படி விட்டால், கிருமி தன்னைச் சுற்றிக் கடினமான உறை அமைத்துக்கொண்டு வித்தாக மாறிவிடுகிறது. இந்த வித்துக்கள் வெயிலுக்கும் வறட்சிக்கும் அஞ்சாமல் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடிருக்கும். மழைநீர் அவற்றை அரித்துச் சென்று தாழ்ந்த மேய்ச்சல் நிலத்தில் சேர்க்கும். ஒருநாள் ஒரு தோலுக்காக ஒரு மாட்டை உரித்த இடம் பின்னர்ப் பல தலைமுறை மாடுகளுக்கு நோய் தரும் நிலமாக ஆகிவிடலாம். உரித்தவர் கையில் ஏதேனும் சிராய்ப்பு இருந்தால், அங்கே வலியற்ற கொப்புளம் எழுந்து நடுவில் கரிய பொருக்கு கட்டும். அவர் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தகுந்த மருந்தால் இந்நிலையில் எளிதில் குணமாகும். இறைச்சியை உண்டவருக்கு வரும் நோய் இதைவிடக் கொடியது.

சப்பை நோயின் கிருமியும் வித்தாகி மண்ணில் நிலைப்பதே. மேய்ச்சலோடு உட்சென்று தசையில் தங்கியிருந்து, அத்தசை அடிபட்டபோதோ வேறு காரணத்தால் நலிந்தபோதோ பெருகுவதாகக் கருதப்படுகிறது. தொண்டை அடைப்பானின் கிருமியோ இவ்வாறன்று. அது வித்து அமைப்பதில்லை. மண்ணில் நெடுங்காலம் தங்குவதும் இல்லை. நோயின் குறியொன்றும் இல்லாத சில மாடுகளின் தொண்டையில் ஒதுங்கியிருக்கிறது. நீண்ட வழி நடந்து களைத்த மாடு, மழையில் நனைந்த மாடு, தீனிக் குறைவால் மெலிந்த மாடு ஆகியவற்றில் பெருகி, நெருங்கி நிற்கும் மற்ற மாடுகளுக்கு எச்சில் வழியாகவும் மூச்சு வழியாகவும் பரவுகிறது. ஆகவே காரணப் பத்தியில் முதலிரண்டு நோய்களுக்கு ‘மண்’ என்றும், மூன்றாவதற்கு ‘மாடு’ என்றும் ஒரே சொல் எழுதினாலும் போதும். அந்த ஒரு சொல்லிலிருந்து தடுப்பு முறை தானே விளங்கிவிடும். மண்ணிலிருந்து வரும் நோய்க்குப் பிணத்தை எவ்வாறு அகற்றுவது என்பது முதற்கேள்வி. மாட்டிலிருந்து வரும் நோய்க்கு நோயுற்றதையும் சந்தையிலிருந்து புதிதாக வந்ததையும் எவ்வாறு பிரித்து வைப்பது என்பது முதற்கேள்வி.

தடுப்பு என்ற பத்தியை ‘இன்று செய்வது’, ‘ஆண்டுதோறும் செய்வது’ என இரண்டாகப் பிரித்துவிடுவது நன்று. தடுப்பூசியின் அளவை அட்டவணையில் எழுத வேண்டுவதில்லை. படிகாரம் சேர்த்த மருந்திற்கும் எண்ணெய் சேர்த்த மருந்திற்கும் அளவு வேறுபடுகிறது. புட்டியின் மேலுள்ள குறிப்பே அதற்கு ஆதாரம். ஆனால் காலத்தை எழுதியே தீர வேண்டும். ஊசி போட்ட அன்றே காப்பு ஏற்படுவதில்லை. ஏறத்தாழ இரண்டு மூன்று வாரங்கள் செல்லும். எனவே மழைக்கு ஒரு மாதம் முன்னரே போட வேண்டும். அனைத்திந்திய நூல்களில் இதற்கு மே மாதம் என்று எழுதியிருப்பதைக் காணலாம். தென்மேற்குப் பருவமழையை நம்பியுள்ள பகுதிகளுக்கு அது சரியே. அக்டோபரில் பெருமழை பெறும் கீழைக் கடற்கரைக்கு அதே மாதத்தை எழுதி வைத்தால், அடைமழை வருவதற்குள் பல மாதம் கடந்துவிடும். ஆதலின் மாதத்தின் பெயரை அச்சிடாது, ‘மழைக்கு ஒரு மாதம் முன்’ என்று எழுதி, அந்த ஊரின் மாதத்தை ஊழியரே நிரப்பிக்கொள்ள இடம் விடுவது தக்கது. அடைப்பான் தடுப்பூசி உயிருள்ள வித்துக்களால் ஆனது. நோய் முன்பு கண்ட ஊர்களிலும் அவற்றை அடுத்த இடங்களிலும் மட்டுமே அது போடப்படும். அந்நாள்களில் மாட்டிற்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்தால் தடுப்பூசி பயனற்றுப் போகும்.

இவ்வாறு சுருக்கியபின் அட்டவணை கீழ்க்காணும் வடிவம் பெறுகிறது. அதன் தலைப்பில் இரண்டு வரிகள் பெரிய எழுத்தில் நிற்க வேண்டும்.

காரணம் தெரியாமல் திடீரென இறந்த மாட்டை அறுக்காதீர், தோலை உரிக்காதீர். கால்நடை மருத்துவர் வரும்வரை நாயும் பறவையும் அணுகாமல் காத்திடுக.
மூன்று நோய்க்கும் பொது: கடுங்காய்ச்சல், தீனி எடாமை, விரைவான சாவு.

| நோய் | பிரித்தறியும் குறி | எங்கிருந்து | இன்று செய்வது | ஆண்டுதோறும் |
|---|---|---|---|---|
| அடைப்பான் | திடீர்ச் சாவு. துவாரங்களில் உறையாத கரிய இரத்தம். முழு விறைப்பு இல்லை | மண் (வித்து) | பிணத்தை அறுக்காமல் எரித்தல். இயலாதாயின் ஆழப் புதைத்தல். தொட்டவர் மருத்துவமனை செல்லல் | நோய் கண்ட ஊரில் மட்டும் தடுப்பூசி |
| சப்பை நோய் | இளங்கன்று, நொண்டல், தசை வீக்கம் அழுத்தினால் நறநறக்கும் | மண் (வித்து) | உயிருள்ளதாயின் உடனே மருத்துவம், பிணத்தை அறுக்காமல் புதைத்தல் | ஆறு மாதத்திற்கு மேற்பட்டவற்றுக்கு மழைக்கு ஒரு மாதம் முன் ஊசி |
| தொண்டை அடைப்பான் | தொண்டை வீக்கம் அழுத்தினால் குழி விழும். நாக்கு நீட்டி மூச்சு வாங்கல். எருமையில் மிகுதி | மாடு (எச்சில், மூச்சு) | முதற்குறியிலேயே மருத்துவம். நோயுற்றதைத் தனியே கட்டுதல் | மழைக்கு ஒரு மாதம் முன் ஊசி |

அட்டவணை சரியா என்பதை ஒரு நிகழ்ச்சியில் வைத்துப் பார்த்தாலன்றி அறிய இயலாது. பின்வருவது வகுப்பில் கொடுக்கத்தக்க ஓர் உதாரணம். முதல் மழை பெய்து பத்து நாள் ஆகியிருக்கிறது. ஒரு விவசாயியின் பதினெட்டு மாதக் காளைக்கன்று மாலையில் பின்னங்காலை நொண்டியது. முள் குத்தியிருக்கும் என்று விட்டுவிட்டார். காலையில் அது இறந்து கிடக்கிறது. சப்பையில் பெரிய வீக்கம், அழுத்தினால் நறநறக்கிறது. ஆனால் மூக்கில் இரத்தம் கலந்த நுரையும் காணப்படுகிறது. தோலை வாங்கிச் செல்ல ஒருவர் கத்தியோடு வந்து நிற்கிறார்.

மாணவர்களில் ஒரு சாரார் வயதையும் நொண்டலையும் வீக்கத்தையும் நோக்கிச் சப்பை நோய் என்பர். மறுசாரார் இரத்தத்தை நோக்கி அடைப்பான் என்பர். முதற்சாராரின் தீர்ப்பே உண்மையாக இருக்க மிகுந்த வாய்ப்புண்டு. சப்பை நோயில் இறந்த கன்றின் மூக்கிலும் இரத்தம் கலந்த நுரை காணப்படுவதுண்டு. எனினும் ஊழியர் செய்ய வேண்டியது அத்தீர்ப்பின்படி அன்று. இரண்டு வரிகளுக்கும் இடமுள்ள போது, எந்த வரியைத் தவறவிட்டால் கேடு பெரிதோ அந்த வரியின்படியே நடக்க வேண்டும். சப்பை நோயை அடைப்பான் என்று கருதிவிட்டால் இழப்பது ஒரு தோலும் சில மணி நேரமும். அடைப்பானைச் சப்பை நோய் என்று கருதி உரிக்க விட்டால் இழப்பது என்னவென்று மேலே கண்டோம். ஆகவே கத்தியோடு வந்தவரைத் திருப்பி அனுப்புவதே முதல் வேலை.

இதன்பின் மருத்துவர் வந்து, காதின் நரம்பிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகப் பூசுவார். பாலிகுரோம் மெத்திலீன் நீலம் என்ற சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், அடைப்பான் கிருமிகள் முனை சதுரமான நீலக் கோல்களாகவும், சங்கிலியாகத் தொடர்ந்தும், சுற்றிலும் இளஞ்சிவப்பு உறையோடும் தோன்றும். நம் உதாரணத்தில் அவ்வாறு எதுவும் தென்படவில்லை என்று கொள்வோம். பிணம் புதிதாக இருப்பதால் இம்முடிவை நம்பலாம். இரண்டு நாள் கிடந்து அழுகிய பிணமாயின், முன்பு கூறியபடி கிருமிகள் மடிந்திருக்கக்கூடும். அப்போது தகட்டில் காணாமை நோய் இன்மைக்குச் சான்றாகாது. புதிய பிணத்தில் அடைப்பான் இல்லையெனத் தெளிந்தபின், மருத்துவர் வீக்கத்திலிருந்து சிறிது நீரை எடுத்துச் சோதனைச் சாலைக்கு அனுப்பிச் சப்பை நோயை உறுதி செய்வார். மந்தையில் எஞ்சிய இளங்கன்றுகளைக் காய்ச்சல்மானி வைத்துப் பார்ப்பதும் அன்றே நடைபெற வேண்டும். மாட்டின் இயல்பான வெப்பம் ஏறத்தாழ 38.5 டிகிரி சென்டிகிரேடு. 41 டிகிரியைத் தொட்ட கன்றுக்கு வீக்கம் தோன்றும் முன்னரே பென்சிலின் கொடுத்தால் பிழைக்க வழியுண்டு. வீக்கம் குளிர்ந்தபின் கொடுப்பதால் பயன் சொற்பமே.

திடீர்ச் சாவுக்கெல்லாம் இம்மூன்று நோய்களே காரணம் என்று எண்ணிவிடலாகாது. பாம்புக்கடியும் மின்னல் தாக்குதலும் இவ்வாறே கொல்லும். மழை பொய்த்து வாடிய இளஞ்சோளப் பயிரையோ, அறுத்தபின் துளிர்த்த சோளத் தட்டையோ மேய்ந்த மாடுகள், அதில் உண்டாகும் சயனைடு நஞ்சினால் சிறிது நேரத்தில் மடிவதுண்டு. அங்கே காய்ச்சல் இராது. ஒரே வயலில் மேய்ந்த பல மாடுகள் ஒருங்கே விழும். இரத்தம் கருமையாக இல்லாமல் பளிச்சென்ற செந்நிறமாக இருக்கும். அட்டவணையின் அடியில் ‘சோளம் மேய்ந்ததா?’ என்ற ஒரு கேள்வியைச் சேர்த்தால் போதும். இதற்குத் தனி வரி அமைத்தால் தொற்று நோய்களின் அட்டவணை நஞ்சு அட்டவணையாக விரிந்துவிடும்.

இறுதியாக ஒரு வரியை நீக்குவது பற்றியும் கூற வேண்டும். பழைய அத்தியாயங்களில் முதலிடம் பெற்றிருந்தது வெக்கை நோய். இந்நோய்க்குத் தடுப்பு மருந்து ஆக்குவதே முக்தேசுவர் ஆராய்ச்சி நிலையத்தின் தலையாய பணிகளில் ஒன்றாக இருந்தது. 1954-இல் அதனை ஒழிப்பதற்கென்றே நாடளாவிய திட்டம் தொடங்கப்பட்டது. 1995-க்குப் பின் இந்தியாவில் அந்நோய் காணப்படவில்லை. 2011-இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பழைய நூலை அப்படியே சுருக்குவோர் அவ்வரியையும் எழுதி வைத்துவிடுகின்றனர். மாறாக, 2019-இல் முதன்முதலாக ஒடிசாவில் கண்டறியப்பட்டுப் பின்னர்ப் பல மாநிலங்களில் பரவிய தோல் கட்டி நோய் பழைய நூல்களில் இராது. அதனைப் புதிதாகச் சேர்த்தல் வேண்டும். ஆகவே அட்டவணையின் மூலையில் அது எழுதப்பட்ட ஆண்டைக் குறிப்பிடுவதும், அதன் அருகே அண்மையிலுள்ள கால்நடை மருந்தகத்தின் தொலைபேசி எண்ணை எழுத ஒரு கட்டம் விடுவதும் வழக்கமாக வேண்டும். பட்டியலில் கண்ட தொற்று நோய் உண்டெனச் சந்தேகம் எழுந்தால் உரிமையாளர் அதனைத் தெரிவிக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்று நோய்ச் சட்டம் விதிக்கிறது. அடைப்பான் அப்பட்டியலில் அடங்கியதே. அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கும் அட்டவணையைச் சுவரில் மாட்டக்கூடாது.